கரிநாளில் பதுக்கிய ஒரு நாள்

லோகநாயகியைப் பற்றி யாராவது எழுதுவதென்றால் நான்தான் எழுத வேண்டும். மற்றவர்கள் எழுதினால் முதலாளியைப் பற்றி நாலு பக்கம் எழுதிவிட்டுக் கடைசி வரியில் 'உதவி: லோகநாயகி' என்று போட்டுவிடுவார்கள். அப்படித்தான் பதினைந்து வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மைதானத்துக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. இறால் பண்ணைக்காரர்கள் குளத்துத் தண்ணீரையும் இறால் குஞ்சுகளையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். நோய் இருக்கிறதா என்று பரிசோதித்துச் சொல்வோம். கூடவே தீவன வியாபாரமும் உண்டு. முதலாளி தேவநாதன். கணக்குப் பார்ப்பது கோவிந்தசாமியாகிய நான். லோகநாயகி ஆபீஸ் அசிஸ்டென்ட். அதாவது போன் எடுப்பாள், ரிப்போர்ட் அனுப்புவாள், யார் லீவு போட்டாலும் அவர்கள் வேலையைச் செய்வாள், முதலாளி மறந்ததை ஞாபகப்படுத்துவாள், ஞாபகப்படுத்தியதற்குத் திட்டும் வாங்குவாள். தினமும் அண்ணாமலை நகரிலிருந்து பஸ் ஏறி வருவாள். அவளிடம் வேலை பழகிய மூன்று பேர் அவளைவிடப் பெரிய பதவிக்குப் போய்விட்டார்கள். அதைப் பற்றி அவள் ஒரு நாளும் புலம்பியதில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் புலம்பினேன்.

சித்திரை மாதம் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "பண்ண எல்லாம் கிள்ளப் பக்கம் இருக்குது. நாம இங்க கடலூர்ல குந்திக்கினு என்னா பண்றது? ஆபீச சிதம்பரத்துக்கே மாத்திப்புடலாம்" என்றார். அண்ணாமலை நகர் பக்கம் புதுக் கட்டடத்தில் கீழ்த்தளம் முழுவதும் பேசி முடித்துவிட்டாராம். அவர் மாதத்தில் பாதி நாள் கடலூரில்தான் இருப்பார் என்பதால் அங்கே ஒரு மேனேஜர் வேண்டும். சொல்லிவிட்டு லோகநாயகியைப் பார்த்தார்.

"ஷிப்டிங் வேலைய நீ எடுத்துக்கம்மா. ஒரு கொறயும் இல்லாம முடிச்சிக் குடுத்துட்டன்னா, நீதான் மேனேஜர்."

லோகநாயகியின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு முகம் சுருங்கியதையும் பார்த்தேன். அது செந்தமிழ்செல்வன், முதலாளியம்மாவின் தம்பி. அவனுக்கு எங்கள் அலுவலகத்தில் என்ன பதவி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சம்பளப் பட்டியலில் 'ஒருங்கிணைப்பு' என்று இருக்கும். முதலாளி அவனை 'மச்சான்' என்று கூப்பிடுவார். நாங்களும் எங்களுக்குள் அப்படியே சொல்லிக்கொள்வோம். அவனுக்கும் அந்த மேனேஜர் நாற்காலி மேல் கண்.

லோகநாயகி மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டாள். புதுக் கட்டட வேலை முடிய ஆனி ஆகிவிடும். ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், ஆவணியில்தான் போக முடியும். ஆவணி பிறந்ததும் ஊரே குடிபோகும், லாரி கிடைக்காது. ஆகவே ஆடி பிறந்ததுமே, லாரிக்காரர்கள் சும்மா ஈ ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, மூன்று பேரிடம் விலை கேட்டாள். போனில் விலை சொன்னவனை அப்போதே தள்ளிவிட்டாள். "வந்து பாக்காம எப்டிண்ணே வெல சொல்றான்? படி திரும்புற எடத்துல நம்ம ப்ரீசர் எறங்குமான்னு அவனுக்கு எப்டித் தெரியும்?" என்றாள். நேரில் வந்து படியை அளந்து, பொருள்களை எண்ணி, உடைந்தால் யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தவருக்கே முன்பணம் போயிற்று.

அப்புறம் ஏசி கழற்றி மாட்டுகிறவர். அப்புறம் இன்டர்நெட். "அவுங்க ரெண்டு நாளும்பாங்க, ரெண்டு வாரம் ஆவும்" என்று ஒரு மாதம் முன்னாலேயே எழுதிக் கொடுத்தாள். புது இடத்தில் கரண்ட் லோடு போதுமா என்று எலக்ட்ரீஷியன் லூர்துசாமியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். ப்ரீசருக்கும் ஆய்வக ஏசிக்கும் தனி லைன் இழுக்கச் சொன்னாள். எந்த மேசை எந்த அறையில், எந்தச் சுவர் ஓரம் என்று வரைபடம் போட்டாள். ஒவ்வொரு பெட்டியிலும் அறையின் பெயரும் எண்ணும் எழுதி ஒட்ட வேண்டும். கத்தரிக்கோல், ஸ்குரூடிரைவர், எக்ஸ்டென்ஷன் போர்டு, டீத்தூள், சர்க்கரை எல்லாம் ஒரே பெட்டியில். அது கடைசியாக லாரியில் ஏறி முதலில் இறங்கும். கம்ப்யூட்டரில் உள்ளதெல்லாம் நகலெடுத்து, அந்த நகல் லாரியில் போகாமல் என் பையில் வரும். ஜிஎஸ்டியில் முகவரி மாற்றுவது என் பொறுப்பு. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

"ரெண்டு பேரு போட்டா ஒதவியா இருக்குமே?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு போட்டா ரெண்டு பேரும் செய்ய மாட்டாங்கண்ணே. அவரு செஞ்சிருப்பாருன்னு இவரு இருப்பாரு."

எல்லாவற்றையும் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். வியாழன் மூட்டை கட்டுவது, வெள்ளி லாரி, சனி பொருத்துவது, திங்கள் திறப்பு. நடுவில் ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே 'ஏதாவது பிரச்சினை வந்தால்' என்று எழுதியிருந்தாள். அதில்தான் வினையே வந்தது.

முதலாளி தாளைப் படித்துக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"இது இன்னாம்மா? பிரச்சினைக்கு ஒரு நாளு குறிச்சி வச்சிருக்க? வா வான்னு எல போட்டுக் கூப்புடுறியா?"

"வராதுங்க சார். வந்தா சமாளிக்கத்தான்..."

"வரும்னு எழுதி ஒட்டுனா வராம என்னா செய்யும்? கிழி அத."

கிழிக்கவில்லை. அந்த வரியின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி 'உபரி நாள்' என்று எழுதினாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. பிரச்சினை நாள் என்றபோது பயந்தவர்கள், உபரி நாள் என்றதும் பாய்ந்துவிட்டார்கள். அந்த ஞாயிறு வளர்பிறை முகூர்த்தம் வேறு. ரிப்போர்ட் அடிக்கும் ஸ்ரீமதி வந்து, "அக்கா, அன்னிக்குச் சும்மாதான? எங்க நாத்தனாருக்கு வளகாப்பு" என்றாள். டிரைவர் இளவரசு வந்து, பண்ருட்டியில் காதுகுத்து, வண்டியும் வேண்டும் என்றான். முதலாளி தன் சம்பந்தி வீட்டுக்காரர்களை அன்றைக்கே புது இடம் பார்க்கச் சாப்பாட்டோடு வரச் சொல்லிவிட்டார். மச்சான் அதற்கும் மேல். ஏசிக்காரருக்குப் போன் போட்டு, "சனிக்கெழம அவசரம் இல்ல, ஞாயித்துக்கெழம வா, ஒரு நாளு எக்ஸ்ட்ரா இருக்குது" என்று சொல்லி அதை ஒரு சாதனையாக எங்களிடம் வந்து சொன்னான்.

சொல்லப்போனால் நானும் ஒரு பல் டாக்டரிடம் அன்றைக்குப் பெயர் கொடுக்கலாமென்று இருந்தேன். லோகநாயகியின் முகத்தைப் பார்த்ததும் பல்வலியைப் பொறுத்துக்கொண்டேன்.

"பாத்தீங்களாண்ணே? ஒரு வாரத்துல நாலு பேரு அந்த நாள பங்கு போட்டுட்டாங்க. பிரச்சினை வந்தா நான் எங்க போயி வைக்கிறது?" என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "இதுல ஒண்ணு சறுக்குனாக்கூட மேனேஜரு மச்சான்தான். அவரு காத்துக்கினு இருக்காரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிர்ச் சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எங்கள் முதலாளி அந்த நாள்காட்டியைக் கேட்காமல் செருப்புக்கூட மாட்ட மாட்டார். எழுந்து போய் ஆவணி மாதத்தைப் புரட்டினாள். அவள் முகத்தில் மெள்ளச் சிரிப்பு வந்தது. எனக்குக் காரணம் புரியவில்லை.

மறுநாள் முதலாளியிடம் போனாள். நானும் ஏதோ கையெழுத்துக்காக அங்கே நின்றிருந்தேன்.

"சார், ஒரு தப்புப் பண்ணிட்டேன். லாரிய வெள்ளிக்கெழம போட்டுட்டேன். வெள்ளிக்கெழமையும் அதுவுமா லட்சுமிய மூட்ட கட்டி வெளிய அனுப்பலாமா?"

முதலாளி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அய்யய்யோ! எவன்டா இத பாக்காம விட்டது? ரெண்டு நாளு தள்ளு. ஞாயித்துக்கெழம ஏத்து."

"சரிங்க சார். ஆனா அப்ப தெறப்பு புதன்கெழமதான் வரும். செவ்வாக்கெழம ஆவணி ஒம்போது, கரிநாளு. அன்னிக்கி ஒண்ணும் வைக்க முடியாது. சும்மாதான் கெடக்கும்."

"செவ்வாயும் கரிநாளும் ஒண்ணாவா? அன்னிக்கி ஒரு துரும்பக்கூட அசைக்கக் கூடாது. சும்மா கெடக்கட்டும்."

"சும்மா கெடக்கட்டும்ங்க சார்" என்று தலையாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

பால் காய்ச்சுவதை மட்டும் அதற்கு முந்தைய வியாழக்கிழமையே நல்ல நேரத்தில் முடித்துவிட ஏற்பாடாயிற்று. சுவரில் புதுத் தாள் ஏறியது. ஞாயிறு லாரி நாள் என்றானதும் அன்றைக்குக் கேட்ட லீவும் விருந்தும் தானாக ரத்தாயின. செவ்வாய்க்கிழமைக்கு எதிரே கொட்டை எழுத்தில் 'கரிநாள்' என்று மட்டும் இருந்தது. அதைப் பார்த்து ஒரு ஆள்கூட லீவு கேட்கவில்லை. வளைகாப்பு இல்லை, காதுகுத்து இல்லை, சம்பந்தி இல்லை. பல் டாக்டரிடம் போகிற யோசனையைக்கூட நான் விட்டுவிட்டேன், கரிநாளில் பல் பிடுங்கினால் பக்கத்துப் பல்லும் வந்துவிடும் என்று வீட்டில் சொன்னார்கள். அடேயப்பா, நாங்கள் எல்லோரும் காவல் காக்கும் இடத்தில் கொண்டுபோய் அவள் தன் நாளைப் பதுக்கி வைத்திருக்கிறாள் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

அவள் அதோடு நிற்கவில்லை. லூர்துசாமியைத் தனியாகக் கூப்பிட்டு, "செவ்வாக்கெழம நீங்க ப்ரீயா இருக்கணும். வேல இருந்தாலும் இல்லாட்டியும் அன்னக்கூலி உண்டு" என்றாள்.

"நம்பளுக்கு இன்னாம்மா கரிநாளு? மாதா கோயில் காலண்டர்ல அதெல்லாம் போடறதில்ல. நாலு பேரு கூப்புடாத நாளு, நான் ப்ரீதான்" என்றார் அவர்.

லாரிக்காரர், ஏசிக்காரர், இன்டர்நெட்காரர் மூவருக்கும் தேதி மாறியதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, சரி என்று பதிலும் வாங்கினாள். ஒரு வாரம் முன்னால் ஒருமுறை, முதல் நாள் ஒருமுறை போன் போட்டாள். ஏசிக்காரர் சலித்துக்கொண்டே, "வர்றேன்னு சொன்னா வருவேன்மா, என் பொண்டாட்டிகூட இத்தினி தடவ கேட்டதில்ல" என்றார். ஆனால் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை லாரி ஏற்றியது ஒரு கல்யாண வீட்டுக் களேபரம்தான். மச்சான் ரோட்டில் நின்று எல்லோருக்கும் கை காட்டிக்கொண்டிருந்தான். ஆட்கள் அவன் கையைப் பார்க்காமல் பெட்டியில் ஒட்டியிருந்ததைப் பார்த்து ஏற்றினார்கள். இறால் சாம்பிள்கள் ஐஸ் பெட்டியில் லோகநாயகியோடு காரில் போயின. புது இடத்தில் ப்ரீசரை நிமிர்த்தி வைத்துவிட்டு, ராத்திரி முழுக்க ஆட்டம் இல்லாமல் நிற்கட்டும், காலையில்தான் பிளக் போட வேண்டும் என்றாள். காலையில் அவளே போட்டாள். ஓடியது. மதியத்துக்குள் மேசைகள் வரைபடத்தில் இருந்த இடத்துக்கு வந்துவிட்டன, ஏசி மாட்டியாயிற்று, இன்டர்நெட்டும் வந்தது. எனக்கே ஆச்சரியம். திங்கட்கிழமை மூன்று மணிக்கு நாங்கள் புது அலுவலகத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

மச்சானுக்கு இது பிடிக்கவில்லை. அவன் முகம் போன போக்கே சரியில்லை. நாலு மணிக்கு ஒருவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தான். நெற்றி நிறைய விபூதி, கையில் திசைகாட்டி.

"மாமா, வாஸ்து பாக்குறவரு. ஒரு வார்த்த கேட்டுக்கலாமேன்னுதான்" என்றான்.

வாஸ்துக்காரர் அறை அறையாகப் போய் நின்று பெருமூச்சு விட்டார். கடைசியில் ஆய்வகத்தில் நின்றார். "இது கன்னி மூல. தென்மேற்கு. இங்க மொதலாளி ஒக்காரணும். இங்க போயி ஐஸ் பெட்டிய வச்சிருக்கீங்க. மொதலாளி குளுந்து போயிடுவாரு" என்றார்.

முதலாளி வெளுத்துப்போனார். "மாத்து! எல்லாத்தயும் மாத்து! ஆய்வகத்த அந்த வடக்கு ரூமுக்குத் தள்ளு, என் மேசய இங்க போடு."

லோகநாயகி வடக்கு அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். ப்ரீசருக்கும் ஏசிக்கும் போட்ட தனி லைன் இந்த அறையில் இருக்கிறது. வடக்கு அறையில் இருப்பது ஒரு பேனும் ஒரு சார்ஜரும் போடுகிற அளவு ஒயர். ப்ரீசரை அங்கே சொருகினால் ஒயர் கருகும். புதன்கிழமை காலை திறப்பு, பண்ணைக்காரர்கள் கையில் சாம்பிளோடு வருவார்கள்.

"சார், லைன் இழுக்க ஒரு நாளு முழுசா வேணும்" என்றாள்.

"நாளைக்கி கரிநாளு! ஒயர் தொடக் கூடாது" என்றார் முதலாளி.

மச்சான் சுவரில் சாய்ந்துகொண்டு, "அப்ப தெறப்ப தள்ளி வைக்க வேண்டியதுதான். பிளான் போடும்போதே வாஸ்து கேட்டிருக்கணும். நான் இருந்திருந்தா கேட்டிருப்பேன்" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் டீ கிளாஸை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். கிளாஸ் காலியாக இருந்தது.

லோகநாயகி வாஸ்துக்காரர் பக்கம் திரும்பினாள். ரொம்பப் பணிவாகக் கேட்டாள்.

"அய்யா, நீங்கதான் சொல்லணும். கரிநாளுல புதுசா ஒண்ண ஆரம்பிக்கக் கூடாது. இன்னிக்கே ஆரம்பிச்ச வேலைய நாளைக்கித் தொடரலாமா, கூடாதா?"

அவர் திசைகாட்டியைப் பார்த்தார், அது இதற்குப் பதில் சொல்லாது என்று தெரிந்ததும் முதலாளியைப் பார்த்தார். "ஆரம்பிச்சத நிறுத்துறதுதாம்மா தோஷம். தொடரலாம்" என்றார்.

"லூர்துசாமி அண்ணே! ஓடியாங்க, ஒரு கிளிப் அடிங்க!"

ஏசிக்கு லைன் கொடுக்க அன்றைக்கும் வந்திருந்த லூர்துசாமி ஏணியைப் போட்டு, வடக்கு அறைச் சுவரில் ஒயர் பிடிக்கிற கிளிப் ஒன்றே ஒன்றை அடித்தார். முதலாளியே சுத்தியலைத் தொட்டுக் கும்பிட்டுக் கொடுத்தார். அதோடு அன்றைய வேலை முடிந்தது. சாம்பிள்களை மறுபடி ஐஸ் பெட்டிக்கு மாற்ற, ஐஸ் பார் எங்கே கிடைக்கும் என்று யாரும் தேடவில்லை. அவள் திட்டத் தாளில் 'ப்ரீசர் ஓடாவிட்டால்' என்ற வரிக்கு எதிரே ஐஸ் கடைக்காரர் நம்பர் ஏற்கனவே இருந்தது.

கரிநாள் அன்று சிதம்பரத்தில் எங்கள் அலுவலகம்போல் உழைத்த இடம் வேறு எதுவும் இருந்திருக்காது. முதலாளி அந்தப் பக்கமே வரவில்லை, மச்சானும் வரவில்லை. தொந்தரவு கொடுக்க ஆளில்லாததால் லூர்துசாமியும் உதவியாளும் மத்தியானத்துக்குள் கனமான ஒயரை இழுத்து, பிரேக்கர் போட்டு, எர்த் சரிபார்த்துவிட்டார்கள். ஏசியைக் கழற்றி மாட்டச் சாயங்காலம் ஆயிற்று. ப்ரீசரை இரண்டு அறை தள்ளி நிறுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, பிளக் போட்டதும் லோகநாயகி அதன் மேல் காதை வைத்துக் கேட்டாள். ஓடுகிற சத்தம் வந்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தப்பிச்சிட்டேன்ண்ணே" என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

புதன்கிழமை திறப்பு அமர்க்களமாக நடந்தது. கிள்ளையிலிருந்து பண்ணைக்காரர்கள் வந்திருந்தார்கள். முதலாளி ரிப்பன் வெட்டிவிட்டு மைக் பிடித்தார். "ஷிப்டிங்ல ஒரு சின்னப் பிரச்சினகூட வரல. ஒரு நாளு முழுக்கச் சும்மா கெடந்துச்சுன்னா பாத்துக்கங்களேன்! எல்லாம் வாஸ்து செஞ்ச வேல. நேரத்துல வாஸ்து பாத்துக் குடுத்த எங்க மச்சானுக்குத்தான் இந்தப் பெருமை போவணும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மச்சான் கூப்பிய கையோடு எழுந்து நின்றான். அவன் சட்டை புதுசு. மேனேஜர் அறைச் சாவி ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு முதலாளியின் பக்கத்தில் தயாராக இருந்தது.

லோகநாயகி பின் வரிசையில் நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

முதலாளி தாம்பாளத்தை எடுத்தார். எடுத்தவர், பழக்க தோஷம், ஒரு தடவை சுவரில் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டார். அப்படியே நின்றுவிட்டார். அன்றைய தாளின் அடியில் 'சந்திராஷ்டமம்: திருவாதிரை' என்று அச்சடித்திருந்தது. மச்சான் நட்சத்திரம் திருவாதிரை. தான் பிறந்தது நடராசர் நட்சத்திரம், சிதம்பரம் தனக்கு ராசி என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவன் அவன்தான். சந்திராஷ்டமம் நடக்கும்போது பதவி ஏற்றால் அந்தப் பதவியும் விளங்காது, கொடுத்தவனும் விளங்க மாட்டான் என்பது முதலாளியின் சித்தாந்தம்.

கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. நல்ல நேரம் முடியப்போகிறது. தாம்பாளத்தைக் கீழே வைப்பதும் அபசகுனம். மனிதர் இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார்.

"லோகநாயகி, இங்க வாம்மா. இந்தா புடி."

அவள் வந்து வாங்கிக்கொண்டாள். பண்ணைக்காரர்கள் இன்னும் பலமாகக் கை தட்டினார்கள், அவர்களுக்கு அவளைத்தான் தெரியும். முதலாளி மைக்கை மூடிக்கொண்டு மச்சான் காதில் சொன்னது எனக்குக் கேட்டது. "ரெண்டேகா நாளு பொறு மச்சான். அதுவரைக்கும் அவ பாத்துக்கட்டும்." லோகநாயகிக்கும் கேட்டது.

பந்தி முடிந்ததும் மேனேஜர் அறையில் போய் உட்கார்ந்தாள். நான் வாழ்த்துச் சொல்லப் போனேன்.

"அண்ணே, பதினஞ்சு வருசம் ஒழச்சேன். அத பாத்துக் குடுக்கல. நாலு மாசம் தூக்கம் இல்லாம இந்தப் பிளான போட்டேன். அத பாத்தும் குடுக்கல. அவுங்க மச்சானுக்கு நாளு சரியில்லன்னு குடுத்தாரு. வயிறு எரியிதுண்ணே."

"விடும்மா, எப்படியோ கெடச்சிதே" என்றேன். சொன்ன பிறகு அதைவிட மட்டமாக ஒன்று சொல்லியிருக்க முடியாது என்று தோன்றியது.

"எங்க கெடச்சிது? ரெண்டேகா நாளைக்கி" என்றாள். நாள்காட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "சாயங்காலம் நாலரைலேந்து அஞ்சரை நல்ல நேரம். ஒரு ஆர்டர் டைப் பண்ணுங்கண்ணே. இன்னிலேந்து மேனேஜருன்னு இருக்கணும். 'அதுவரைக்கும்' எல்லாம் வேணாம்."

டைப் அடித்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன். நாலே முக்காலுக்கு அவள் அதைத் தனியாக முதலாளி முன்னால் வைத்தாள், வேறு தாளுக்கு நடுவில் செருகவில்லை. "புது ஆபீசுல மொத கையெழுத்து சார், நல்ல நேரத்துல போட்டுடுங்க" என்றாள். அவர் தாளைப் படிக்கவில்லை, கடிகாரத்தைப் படித்தார். மேலே பிள்ளையார் சுழி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டார். ஒரு நகல் அவளுக்கு, ஒரு நகல் எனக்கு, பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு அறிவிப்பு. அது எல்லாம் ஐந்தரைக்குள் முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மச்சான் அதே புதுச் சட்டையில் வந்தான். முதலாளியும் தொண்டையைச் செருமிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் வந்தார்.

"அம்மா லோகநாயகி, அந்தச் சாவி..."

அவள் எழுந்து நின்றாள். ஆர்டரை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். அவர் இப்போதுதான் அதைப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"இத நான் எப்பம்மா போட்டேன்?"

"நல்ல நேரத்துல போட்டீங்க சார். பிள்ளையார் சுழியோட. மொத கையெழுத்து." "அழிக்கணும்னா நீங்களே அழிச்சிடுங்க சார். நான் தடுக்கல. நல்ல நேரத்துல போட்டத கெட்ட நேரத்துல அழிச்சா தொழிலுக்கு ஆவுமான்னு மட்டும் பாத்துக்கங்க. அப்டியே, வேல தெரிஞ்சவ ஒருத்திய விட்டுட்டா தொழிலுக்கு ஆவுமான்னும் பாத்துக்கங்க."

முதலாளி பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மூடினார். வெளியே வரிசையில் பண்ணைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "மேனேஜரம்மா, நம்ப ரிப்போர்ட்டு?" என்றார். முதலாளி நாள்காட்டிப் பக்கம் திரும்பினார். வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு மச்சான் தோளில் கை போட்டு வாசல் பக்கம் திருப்பினார்.

"மாமா, எனக்குத்தான் சந்திராஷ்டமம் முடிஞ்சிருச்சே!" என்றான் அவன்.

"ஒனக்கு முடிஞ்சிருச்சி மச்சான்" என்றார் முதலாளி. "எனக்கு இப்பத்தான் ஆரம்பிக்கிது."